பதின்மூன்றாவது கட்டம்

கடந்த வருடம் ஜனவரி முதல் வாரத்தில் அம்மா போன் செய்து எண்பதாயிரம் ரூபாய் கேட்டார். வீட்டில் ஓடு மாற்ற வேண்டும் என்றார். குளித்தலையில் எங்கள் வீடு ஓட்டு வீடாக இருந்தது 2009 வரைக்கும்தான். அதற்கப்புறம் கான்கிரீட் போட்டாயிற்று. அப்பா உயிரோடு இருந்தபோது செய்த கடைசி பெரிய வேலை அது. அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. அவசரத்தில் கையில் கிடைத்த பழைய பொய்யை எடுத்து நீட்டிவிட்டார்.

நான் சென்னையிலிருந்து இரவு பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். வாசலில் கோலம் இருந்தது, காபி வந்தது, எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது. அம்மாவின் கழுத்தில் மட்டும் இரண்டு பவுன் சங்கிலி இல்லை. மஞ்சள் கயிறு தனியாகத் தெரிந்தது. அப்பா போன பிறகும் அம்மா மஞ்சள் கயிற்றைக் கழற்றவில்லை. சங்கிலியையும் கழற்றியதில்லை. "எங்கம்மா?" என்று கேட்டேன். "பாலீஷ் போடக் குடுத்திருக்கேன்" என்றார்.

பீரோவில் அடகு ரசீது இருந்தது. அதன் கீழே அம்மாவின் டைரியும் இருந்தது.

அம்மா இருபத்தெட்டு வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். நூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு எத்தனை முட்டை வந்தது, எத்தனை உடைந்தது, எத்தனை மிச்சம் என்று தினமும் எழுதிப் பழகிய கை. ஏமாந்த பணத்தையும் அதே ஒழுங்கோடு எழுதி வைத்திருந்தார். தேதி, தொகை, "எதற்கு" என்று மூன்று பத்திகள்.

ஆகஸ்டில் ஜாதக பலன், 199. அதே வாரம் சங்கல்பம், 1,100. செப்டம்பரில் சனி சாந்தி ஹோமம், 5,001. மை போட்டுப் பார்க்க, 11,000. அக்டோபரில் செய்வினை எடுக்க, 27,500. நவம்பரில் தடங்கல் நிவர்த்தி, 45,000. டிசம்பர் கடைசியில் கட்டு, 60,000. கீழே கூட்டிப் போட்டிருந்தார்: 1,49,800. அதற்கும் கீழே ஜனவரி என்று எழுதி, 80,000 என்று போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

எல்லாமே என் கல்யாணத்துக்காக.

*

அன்று நான் செய்தது எல்லாம் தப்பு. கத்தினேன். "படிச்சவங்கதானே நீங்க" என்றேன். "அவன் எங்கயோ ஒரு ரூம்ல உக்காந்து சிரிச்சிட்டிருப்பான்" என்றேன். அம்மா பதில் பேசவில்லை. முகம் வெளுத்துப்போய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவமானம் என்று நினைத்தேன். ராத்திரி அவர் தூங்கவில்லை. நாலு மணிக்கு என் படுக்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் நெற்றியில் விபூதி பூசினார். "உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. தெரிஞ்சா உன் தலையிலதான் விழும்னு. நீயா கண்டுபிடிச்சா கணக்குல வராதுல்ல?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாலரை மாதம் அம்மா என்னிடம் மறைத்ததற்குக் காரணம் வெட்கம் இல்லை. சொன்னால் எனக்கு ஆபத்து என்று நம்பியிருந்தார். ஒரு தாயின் வாயை அடைக்க இதைவிட நல்ல பூட்டு கிடையாது. "யாரிடமும் சொல்லாதே" என்று சும்மா சொன்னால் யாரிடமாவது சொல்லிவிடுவாள். "உன் பையனிடம் சொன்னால் உன் பையனுக்கு ஆகாது" என்றால் சங்கிலி போனாலும் சொல்லமாட்டாள்.

காலையில் அம்மா எனக்குத் தெரியாமல் அவனுக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லியிருக்கிறார். ரகசியம் உடைந்துவிட்டதால் கட்டும் அவிழ்ந்துவிட்டது, திரும்பக் கட்ட 1,20,000 ஆகும் என்று பதில் வந்தது. நான் போட்ட சத்தத்தின் பலன், தொகை நாற்பதாயிரம் ஏறியது.

*

அம்மாவின் போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும்படி நான்தான் முன்பு செட்டிங் போட்டு வைத்திருந்தேன். டாக்டர் மாத்திரை பற்றிச் சொல்வதை மறந்துவிடுகிறார் என்பதற்காகச் செய்தது. அதனால் அவனுடைய குரல் முழுக்க அதில் இருந்தது. முப்பத்தோரு அழைப்புகள். மொட்டை மாடியில் உட்கார்ந்து இரண்டு நாள் கேட்டேன்.

முதல் அழைப்பு பதினோரு நிமிடம். ஃபேஸ்புக்கில் வந்த விளம்பரத்தைத் தொட்டு, 199 ரூபாய் கட்டி, பிறந்த தேதியும் நேரமும் அனுப்பிய பிறகு வந்த அழைப்பு. குரலில் அவசரமே இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சுபோல இருந்தது. அம்மாவைத் "தாயே" என்றான்.

"பையன் கடக ராசி, பூச நட்சத்திரம். இப்ப அஷ்டமத்துச் சனி ஓடுது தாயே. எடுக்கிற காரியம் எல்லாம் தள்ளிப் போகுமே?"

இது சரி. சனி கும்பத்தில் இருந்த நேரம் அது. கடகத்திலிருந்து எண்ணினால் எட்டாமிடம். காலண்டரின் பின்பக்கம் பார்த்தாலே தெரியும். ஆனால் முதல் வாக்கியம் சரியாக இருப்பது முக்கியம். அம்மாவுக்கு அந்த அளவு ஜோசியம் தெரியும். தனக்குத் தெரிந்ததை அவன் சொன்னதும், தெரியாததையும் அவன் சரியாகத்தான் சொல்வான் என்று நம்பிவிட்டார்.

அடுத்தது: "வீட்ல ஒரு சுப காரியம் நின்னுக்கிட்டே இருக்குல்லா?" முப்பது வயது தாண்டிய பையனின் ஜாதகத்தை ஒரு அம்மா அனுப்பினால் வேறு எதற்கு அனுப்புவார்? "ஆமா சாமி, மூணு வருஷமா பொண்ணு பாக்கறோம், எதுவும் கூடி வரல" என்கிறார் அம்மா. அவன் "ம்ம்" என்கிறான். அந்த "ம்ம்"மில் நிறைய இடம் விடுகிறான். அந்த இடத்தில் அம்மா, அப்பா இறந்தது, நான் சென்னையில் தனியாக இருப்பது, போனில் சரியாகப் பேசாதது எல்லாவற்றையும் கொண்டுவந்து வைக்கிறார்.

"ரத்த சம்பந்தத்துல ஒருத்தர் கூட மனத்தாங்கல் உண்டே?"

சொந்தக்காரர்களோடு மனத்தாங்கல் இல்லாத குடும்பம் உண்டா? அம்மா கொஞ்சம் தயங்குகிறார். பிறகு, "எங்கக்கா திருவையாத்துல இருக்காங்க. எங்கப்பா நிலம் வித்தப்ப கொஞ்சம் பேச்சு வார்த்தை ஆச்சு. அதெல்லாம் பெருசா ஒண்ணுமில்ல சாமி. இப்ப நல்லாத்தான் இருக்கோம்" என்கிறார். அவன் அதை விட்டுவிட்டு வேறு எதையோ கேட்கிறான். கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ஐந்து வாரம் கழித்து, மை போட்டுப் பார்க்க 11,000 கட்டிய மறுநாள், ஒன்பதாவது அழைப்பில் அதே விஷயம் திரும்ப வருகிறது. "மையில உருவம் தெளிவா வந்துருக்கு தாயே. பேரைச் சொல்ல எனக்கு உத்தரவு இல்ல. பொம்பள. உங்களுக்கு மூத்தவங்க. ஒரே வயித்துல பொறந்தவங்க. கிழக்க, ஆத்தங்கரையில இருக்காங்க." பதிவில் அம்மாவின் மூச்சு கேட்கிறது. வார்த்தை வரவில்லை. அம்மா கொடுத்ததைத்தான் அவன் திருப்பிக் கொடுத்தான். இடையில் ஐந்து வாரம் விட்டதால் அது தன்னுடையது என்பதே அம்மாவுக்கு ஞாபகம் இல்லை.

அவன் பெயரைச் சொல்லவே இல்லை என்பதையும் கவனியுங்கள். பெரியம்மாவின் பெயரை முதலில் உச்சரித்தது அம்மாதான்.

இன்னொரு அழைப்பில், பரம்பரையாக வந்த நகையில்தான் செய்வினை ஒட்டிக்கொண்டு வரும், வீட்டில் என்னென்ன நகை இருக்கிறது, எது எத்தனை பவுன், எது யார் போட்டது என்று வரிசையாகச் சொல்லச் சொல்கிறான். அம்மா முட்டைக் கணக்கு ஒப்பிப்பதுபோல ஒப்பிக்கிறார். நடுவில் "வேற பணங்காசு சேமிப்புல தோஷம் இருக்கான்னு பாக்கணும்" என்றதும் தபால் ஆபீஸ் ஆர்.டி. முடியப்போவதையும் சொல்கிறார். அது 45,000. தடங்கல் நிவர்த்திக்கு அவன் கேட்டதும் 45,000. அவன் வைத்த விலை எதுவும் பூஜைக்கான விலை இல்லை. அம்மாவிடம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வைத்த விலை.

*

நடுவில் ஓர் எலுமிச்சம்பழம் வருகிறது. 27,500 கேட்டபோது அம்மாவுக்கே சந்தேகம் வந்திருக்கிறது. அந்தப் பதிவில் அவர் குரல் வேறு மாதிரி இருக்கிறது. "இவ்ளோ ஆகுமா சாமி? நிச்சயமா செய்வினைதானா?" என்கிறார். அவன் கோபப்படவில்லை. "நீங்க என்னை நம்ப வேண்டாம் தாயே, உங்க கண்ணை நம்புங்க" என்கிறான். ஒரு எலுமிச்சம்பழம், மூன்று இரும்பு ஆணி. ஆணியைப் பழத்தில் குத்தி, மஞ்சள் துணியில் முடிந்து, பித்தளைச் சொம்பில் போட்டு மூடி பூஜை அறையில் வைக்க வேண்டும். நான்காம் நாள் பிரித்துப் பார்த்துப் பழம் மஞ்சளாகவே இருந்தால் பயமில்லை, பணமும் வேண்டாம். கறுத்திருந்தால் வீட்டில் வினை இருக்கிறது.

கறுத்திருந்தது. ஆணிகளைச் சுற்றி மை கொட்டியதுபோல இருந்ததாம். அம்மா அன்றே பணம் அனுப்பிவிட்டார்.

எதுவும் பேசாமல் கடைக்குப் போய் இரண்டு எலுமிச்சையும் ஆணியும் வாங்கி வந்தேன். ஒன்றில் ஆணி குத்தினேன், இன்னொன்றில் மூன்று மூங்கில் குச்சி. தனித்தனிச் சொம்பில் மூடி, பூஜை அறையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். அம்மாவே கையால் மூடினார். நாலாம் நாள் திறந்தபோது ஆணி குத்திய பழம் கறுத்திருந்தது. குச்சி குத்திய பழம் லேசாக வதங்கியிருந்ததோடு சரி. எலுமிச்சைப் புளிப்பில் இரும்பு கரையும், அதைச் சுற்றிப் பழம் கறுக்கும். மூடிய சொம்பின் ஈரத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். பழைய அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கினால் கறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. அம்மாவும் ஆயிரம் தடவை பார்த்தவர்தான்.

அம்மா இரண்டு பழத்தையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரே வீட்ல, ஒரே ரூம்லதான இருந்துச்சு" என்றார். நான் பேசிய எந்தப் பேச்சாலும் நடக்காதது அந்தப் பழத்தால் கொஞ்சம் நடந்தது.

அதன் பிறகு ஹோம வீடியோவை அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். சனி சாந்திக்கு ஒன்று, செய்வினை எடுத்ததற்கு ஒன்று என இரண்டு வீடியோ அனுப்பியிருந்தான். இரண்டிலும் என் பெயர், ராசி, நட்சத்திரம் எல்லாம் குரலில் வருகிறது. அம்மா அதைக் கேட்டுத்தான் கும்பிட்டிருக்கிறார். சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்க்கச் சொன்னேன். இரண்டிலும் நீலச் சட்டை போட்ட ஒரு பையன் அதே இடத்தில் குறுக்கே போகிறான். எங்கோ யாரோ வீட்டில் நடந்த ஹோமம் அது. குரலை மட்டும் மேலே ஒட்டியிருக்கிறான். செப்டம்பரில் போன பையன் அக்டோபரிலும் அதே சட்டையில், அதே நொடியில் போகமாட்டான். அம்மா "இவன் யாரு பெத்த புள்ளையோ" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

*

ஆனால் அம்மா முழுதாகத் திரும்பியது வேறு இடத்தில். எங்கள் குடும்பத்துக்கு ஜாதகம் கணித்த ஜோசியர் முசிறிப் பக்கம் இருக்கிறார். எண்பது வயதுக்கு மேல். எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நம்பாதவன் சொல்வது அம்மாவிடம் எடுபடாது. நம்புகிற ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

வெற்றிலை பாக்கில் நூற்றியொரு ரூபாய் வைத்தோம். அவர் என் ஜாதக நோட்டைக் கையில் வாங்கி, கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். அம்மா தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னார். கிழவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில் கட்டத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார்.

"பன்னெண்டு கட்டந்தாம்மா இருக்கு. இதுல செய்வினைன்னு ஒரு கட்டம் எங்க இருக்கு? பதிமூணாவதா அவன் ஒண்ணு வரைஞ்சானாக்கும்."

பிறகு அவர் சொன்னதை நான் பல நாள் யோசித்தேன். "அஷ்டமச் சனி நெசந்தான். திருக்கணிதப்படி வர்ற பங்குனியில விலகுது. வாக்கியத்துல பாத்தா அதுக்கு மறுவருஷம். எப்படிப் பாத்தாலும் தன்னால போயிரும். சனிக்கிழமை ஒரு விளக்குப் போடு, போதும். போற நாள் தெரிஞ்சதுக்கு எவனாவது லட்ச ரூபா குடுப்பானா? அதான் போற நாள் இல்லாத ஒண்ணை உன் தலையில வச்சிருக்கான்."

அதுதான் விஷயம். அவர் சாஸ்திரத்தின்படி கிரக தோஷத்துக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. சனி இரண்டரை வருடத்தில் நகர்ந்தே ஆக வேண்டும். அதை வைத்து ஒரு அளவுக்கு மேல் காசு பண்ண முடியாது. செப்டம்பர் வரை கிரகத்தைப் பற்றியே பேசிய அந்தக் குரல், 5,001 வாங்கிய பிறகு சனியை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. முடிவுத் தேதி உள்ள பிரச்சினையிலிருந்து முடிவே இல்லாத பிரச்சினைக்கு அம்மாவை மாற்றிவிட்டான். செய்வினைக்கு நாள் கணக்கு கிடையாது, அளவும் கிடையாது. எடுத்துவிட்டேன் என்று அவன் சொன்னால்தான் எடுத்தது. அவன் சொல்லவே மாட்டான்.

பழைய ஜோசியர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கிராமத்திலும் தகடு விற்றவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் அடுத்த வாரமும் அதே டீக்கடைக்கு வர வேண்டும். குளித்தலையில் ஒருத்தியின் சங்கிலியை வாங்கிவிட்டு முசிறியில் நடமாட முடியாது. இவனுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. அவன் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. ஏழு தடவை பணம் போனதில் நாலு வெவ்வேறு பெயர்களுக்குப் போயிருந்தது. அதில் ஒன்று ஒரு செல்போன் ரீசார்ஜ் கடையின் பெயர். அம்மா ஒருமுறை கேட்டதற்கு "ஆசிரமத்துப் பிள்ளைகள்" என்றானாம். கமிஷனுக்குத் தங்கள் கணக்கை அடுத்தவருக்கு விடுபவர்கள் அவர்கள். போலீஸ் முதலில் போய்ச் சேருவதும் அவர்களிடம்தான்.

*

1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தோம். ஒவ்வொரு பணம் அனுப்பியதற்கும் தேதி, நேரம், பரிவர்த்தனை எண் கேட்டார்கள். அம்மாவின் டைரி அங்கே உதவியது. எண்களை வங்கிக் கணக்கு விவரத்திலிருந்து எடுத்தோம். பிறகு cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதிவு செய்து, நகலோடு ஸ்டேஷனுக்குப் போனோம். கடைசிப் பணம் போய் ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் இந்த விஷயத்தில் ஒன்பது நாள் என்பது ஒன்பது வருடம் மாதிரி. பணம் போன முதல் சில மணி நேரத்தில் சொன்னால் அது அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. எங்களுக்கு ஒரே ஒரு கணக்கில் மிச்சமிருந்த 4,300 ரூபாய் முடங்கியது. மற்றதெல்லாம் முன்பே எடுக்கப்பட்டிருந்தது.

ஸ்டேஷனில் ஒருவர், "நீங்களே விருப்பப்பட்டுத்தானே அனுப்பியிருக்கீங்க? பூஜை செஞ்சான், பலிக்கலன்னா அது கேஸா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, சந்தேகமாகத்தான் கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் பதிவுகளைப் போட்டுக் காட்டினேன். பூஜை பலிக்கவில்லை என்பது எங்கள் புகார் இல்லை. செய்யாத பூஜையின் வீடியோவைக் காட்டிப் பணம் வாங்கியது மோசடி. நிறுத்தினால் பையன் செத்துவிடுவான் என்று சொல்லி வாங்கியது மிரட்டிப் பறித்தது. மகாராஷ்டிரம்போல, கர்நாடகம்போல இதற்கென்றே தனிச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. இங்கே பாரதிய நியாய சன்ஹிதாவின் 318, 308 பிரிவுகளுக்குள்தான் இதைக் கொண்டுவர வேண்டும். பணம் அனுப்பிய விவரத்தைவிட, மிரட்டல் பதிவாகியிருந்த இருபத்தாறாவது அழைப்பைக் கேட்ட பிறகுதான் அவர் பேனாவை எடுத்தார்.

புகார் கொடுத்துப் பத்து நாளில் இன்னொரு அழைப்பு வந்தது. சைபர் பிரிவிலிருந்து பேசுவதாகவும், பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்க 2,500 கட்ட வேண்டும் என்றும் ஒருவர் சொன்னார். ஏமாந்தவர்களின் எண்களும் விற்கப்படுகின்றன. இந்தத் தடவை அம்மா என்னிடம் போனைக் கொடுத்தார். அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

*

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தபோது பொங்கலுக்கு இரண்டு நாள் கழித்து புது எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. மாவில் செய்த பொம்மை, அதன் மேல் என் போட்டோ, போட்டோவில் ஊசி. அம்மா அனுப்பிய போட்டோதான். கீழே, "21 நாள்."

அம்மாவுக்கு எலுமிச்சை தெரியும், நீலச் சட்டைப் பையனைத் தெரியும், பன்னிரண்டு கட்டம் தெரியும். இருந்தும் அந்தப் படத்தைப் பார்த்ததும் கை நடுங்கியது. பொய் என்று தெரிந்தாலும் பயம் போவதில்லை. பொய் என்று தெரிவது ஒரு நாளில் நடந்துவிடும். பயம் போக அதைவிட அதிக நாள் ஆகும். "எதுக்கும்…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அந்த "எதுக்கும்"தான் அவனுடைய பிழைப்பு.

ஆபீஸில் கேட்டு வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கினேன். எண்ணைத் தடுத்தோம், படத்தைப் புகாரோடு சேர்த்தோம். காலண்டரில் பிப்ரவரி 5-ஐ அம்மா வட்டம் போட்டார். நான் தடுக்கவில்லை. இருபத்தொரு நாளும் கண்ணெதிரே இருப்பதைத் தவிர எனக்கு வேறு வாதம் இல்லை.

பதினேழாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. காவிரிக்கரைப் பனிக்கு வருகிற சாதாரணச் சளிக் காய்ச்சல். அம்மா கஷாயம் வைத்தார், மாத்திரை கொடுத்தார், ராத்திரி முழுக்க என் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன் மேசையில் இருந்தது. அடகு வைக்க இன்னும் இரண்டு வளையல் பாக்கி இருந்தது. அந்த ராத்திரி அம்மா எந்த எண்ணுக்கும் போன் செய்யவில்லை. அவர் வாழ்க்கையில் செய்த தைரியமான காரியம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

அன்று விடியற்காலையில், காய்ச்சல் விட்ட அசதியில், நானும் ஒன்றைச் சொன்னேன். மூன்று வருடமாகக் கூடி வராத வரன்களில் பாதியை நான்தான் கலைத்தேன். பெண் வீட்டார் போன் செய்தால் எடுக்கமாட்டேன். எடுத்தால், பேசாமல் பேசி அவர்களே வேண்டாம் என்று சொல்ல வைப்பேன். சென்னையில் நான்கு வருடம் ஒருத்தியோடு இருந்து, அது முடிந்து, அதிலிருந்து நான் வெளியே வரவில்லை. அம்மாவிடம் சொல்லத் தைரியம் இல்லை. "வேலை பிஸி" என்றேன். காரணம் சொல்லாத ஒரு மௌனத்தை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன். அந்த இடத்துக்கு அவன் ஒரு காரணம் விற்றான்.

அம்மா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இத நீ ஆகஸ்ட்லயே சொல்லியிருந்தா ஒரு லட்சத்தி நாப்பத்தொம்பதாயிரத்தி எண்ணூறு மிச்சம்" என்றார். சிரித்தாரா அழுதாரா என்று இருட்டில் தெரியவில்லை.

*

பணத்தை நான் பெரிய நஷ்டமாக எழுதவில்லை. சங்கிலியை மார்ச்சில் மீட்டுவிட்டோம். ஆர்.டி. திரும்பப் போடலாம். மீட்க முடியாமல் கிடந்தது பெரியம்மா.

ஒவ்வொரு வருடமும் தியாகராஜர் ஆராதனைக்கு அம்மா திருவையாற்றுக்குப் போவார். பாட்டெல்லாம் இரண்டாம் பட்சம். கூட்டத்தில் அக்காவும் தங்கையும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதுதான் முக்கியம். அந்த வருடம் ஆராதனை ஜனவரி 18-ல் வந்தது. போகவில்லை. செப்டம்பரிலிருந்தே பெரியம்மாவின் போனை அம்மா எடுப்பதில்லை. தீபாவளிக்கு பெரியம்மா கொடுத்தனுப்பிய அதிரசத்தை, அவன் சொன்னபடி ஆற்றில் போட்டிருக்கிறார். பெரியம்மாவுக்கு அதிரசம் சுடும்போது முட்டியை மடக்கி உட்கார முடியாது. நின்றுகொண்டே சுடுவார்.

பிப்ரவரி 5 கழிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருச்சி, தஞ்சாவூர் என்று பஸ் மாறிப் போனோம். வழியெல்லாம் அம்மா எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துபோய், "அக்கா, நீ எனக்குச் செய்வினை வச்சேன்னு நம்பிட்டேன்" என்று நேராகவே சொல்லிவிட்டார்.

பெரியம்மா கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தார். "ஏண்டி, எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்தா என் முட்டிவலிய மொதல்ல எடுத்துருக்க மாட்டேனா?" என்றார். பிறகு சமையலறைக்குப் போனார். போனவர் திரும்பிவர நேரமாயிற்று. மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

காபி வந்தது. டம்ளரை வாங்கிய அம்மாவின் கை அப்படியே நின்றது. அவர் கையால் எதுவும் வாங்கிச் சாப்பிடாதே என்று நாலு மாதம் கேட்ட குரல் அந்தக் கைக்குள் இன்னும் இருந்தது. பெரியம்மா அதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் அம்மாவின் கையிலிருந்து டம்ளரை வாங்கி, தான் ஒரு வாய் குடித்துவிட்டு, திரும்ப நீட்டினார்.

சின்ன வயதிலிருந்தே எச்சில் பட்டதை அம்மா தொடமாட்டார். அதைக் குடித்தார்.